மோர் மிளகாய் காய்ந்த ஸ்லாப்

நான் கொழும்பில் இருக்கலாம் என்று பொலிஸ் தந்த முதல் காகிதத்தில் காரணம் ஒரு வரிதான். கொங்கிறீட்டுக்குத் தண்ணீர் ஊற்ற. காலம் பதினான்கு நாள்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்த தமிழன் கொழும்பில் ஒரு இரவு படுப்பதென்றாலும் விலாசம் வேண்டும், காரணம் வேண்டும், கையெழுத்துப் போட ஒரு வீட்டுக்காரர் வேண்டும். எனக்கு மூன்றும் இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். ஒருநாள் காலையில் லொட்ஜ்காரர் வந்து, என் பாயை அவரே சுருட்டித் தந்தார். மரியாதையாகத்தான் தந்தார். பொலிஸ் வந்து கேட்கிறார்கள், நான் புள்ளைகுட்டிக்காரன் என்றார்.

அந்தப் பாயோடு தெருவில் நின்ற என்னை ஒரு மேசன் பாஸ் பிடித்தார். அவரும் கொட்டாஞ்சேனைக்காரர்தான். மெலிந்த ஆள். வாய் மட்டும் மெலியவில்லை.

"வெள்ளவத்தையில ஒரு வீட்டுக்கு மாடி போடுறேன். வாச்சர் வேணும். ராவைக்குக் காவல், பகல்ல தண்ணி ஊத்தணும். படுக்க இடம் இருக்கு. நீ பொலிஸ் கேஸ் ஏதும் உள்ளவனா?"

"இல்லீங்க."

"ஒருக்காவாவது புடிச்சிட்டுப் போயிருக்காங்களா?"

"இல்லீங்க."

"புடிச்சாப் பிறகு என்கிட்ட வராத. ஒருத்தனப் புடிச்சா அவன் வேலை செய்யிற இடத்துக்கும் வருவாங்க. என் ஆளுங்க பத்துப் பேரு இருக்காங்க."

சரி என்றேன். அப்போது அது லேசான நிபந்தனை மாதிரி இருந்தது.

வீட்டுக்கார அம்மா யாழ்ப்பாணத்து ரீச்சர். ஓய்வு எடுத்தவர். புருஷன் இல்லை. மகன் கனடாவில். யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் வந்து வந்து இறங்குகிறார்கள், கீழ்வீடு போதவில்லை என்று மாடி கட்டுகிறார். தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூன்றும் சுத்தமாகப் பேசுவார். தெரியாத விஷயம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதாக அவருக்குத் தெரியாது.

என்னைப் பதிவு செய்ய அவர்தான் பொலிஸுக்குக் கூட்டிப் போனார். மேசையில் தலை நரைத்த சார்ஜன். சிங்களத்தில் கேட்டார்.

"என்ன வேலை?"

"தண்ணி ஊத்துற வேலைங்க."

"எதுக்கு?"

"கொங்கிறீட்டுக்கு."

பேனாவை வைத்தார். "கொங்கிறீட் என்ன, ரோசாச் செடியா?"

ரீச்சர் முன்னுக்கு வந்து விளக்கம் சொன்னார். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நீட்டிச் சொன்னார். தனக்கு அது விளங்கித்தான் ரீச்சர் சொன்னாரா என்று பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. சார்ஜன் எத்தனை நாள் என்றார். பாஸ் பதினாலு என்று சொல்லியிருந்தார். அதையே சொன்னேன். அவர் எழுதினார், முத்திரை குத்தினார். கொங்கிறீட் தண்ணீர் குடிக்கும்வரை நான் கொழும்பில் இருக்கலாம்.

வேறு ஆட்களுக்கு வேலை இருந்தது, படிப்பு இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது. எனக்கு ஐந்து அங்குல ஸ்லாப் ஒன்று இருந்தது.

மாடிக்குத் தரையான அந்த ஸ்லாப்பைப் போட்டது ஒரு திங்கட்கிழமை. விடியத் தொடங்கி மத்தியானம் தாண்டும் மட்டும் இரும்புச் சட்டி மாதிரியான தாச்சிகளில் கை மாறிக் கொங்கிறீட் மேலே போனது. எல்லாரும் போன பிறகு பாஸ் என்னை இருத்தி வைத்துக்கொண்டு ஸ்லாப்பின் விளிம்பில் குந்தியிருந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தார். விரல் பதிந்தால் இன்னும் இல்லை. பின்னேரம் ஆனபோது விரல் பதியவில்லை.

"இப்பப் போடு சாக்க. மெதுவா. தலைய நனைக்கிற மாதிரி."

சாக்குகள் புறக்கோட்டையில் வாங்கியவை. அரிசிச் சாக்கு, பருப்புச் சாக்கு. இரண்டில் எறும்பு ஊர்ந்தது. பாஸ் அந்த இரண்டையும் எடுத்துத் தெருவில் எறிந்தார். சீனிச் சாக்காம். சீனித் தண்ணி பட்ட இடம் கொங்கிறீட் இறுகாமல் மா மாதிரிக் கிடக்குமாம். மற்றவற்றை நான் ஊற வைத்து, பிழிந்து, சொட்டச் சொட்ட விரித்தேன். கடல் பக்கமிருந்து காற்று. முதல் நாளைக்கு இந்தக் காற்றுத்தான் எமன், மேல்தோல் காய்ந்து சுருங்கும், உள்ளே சுருங்காது, அப்புறம் கிழியும் என்றார் பாஸ்.

அடுத்த நாள் காலை மணலும் கொஞ்சம் சீமெந்தும் குழைத்து ஸ்லாப்பின் மேல் சின்ன வரம்பு கட்டினோம். ஆறு பாத்தி. வயல் மாதிரி. பாத்திக்குள் இரண்டு அங்குலத் தண்ணீர். பாத்தி கட்ட முடியாத விளிம்புக்கும் ஜன்னலுக்கு மேல் நீட்டின துண்டுக்கும் ஈரச் சாக்கு.

ரீச்சர் மேலே வந்து பார்த்தார். "என்ன பாஸ், நாத்து நடப் போறியளோ?"

"நடலாம் அம்மா. பதினாலு நாள்ல அறுப்பு."

"இவ்வளவு தண்ணி ஏன்? கிணத்துத் தண்ணி கிடக்குது தானே, அதை ஊத்தினா என்ன?"

"உங்க கிணறு கடலுக்குத் தங்கச்சி. உப்பு. உள்ள கம்பி துருப்பிடிச்சிடும். பைப் தண்ணிதான்."

பைப் தண்ணீர் பகலில் நூல் மாதிரி வரும். விடியக்காலையில்தான் வேகம். நான் இருட்டோடு எழும்பி வாளி வாளியாக மேலே ஏற்றினேன். ஆறு பாத்தியும் நிரம்பினால் ஒரு பீடி. அதுதான் என் உத்தியோகம். யாராவது கேட்டால் காகிதத்தைக் காட்டுவேன். வாசித்தவர்கள் எல்லாரும் ஒருதரம் மேலும் கீழும் பார்ப்பார்கள்.

பாஸுக்குக் கொட்டாஞ்சேனையில் இன்னொரு வேலை இருந்தது. ஞாயிறு வருவேன் என்று போனார். போகும்போது சொன்னார்.

"இது உருப்படியா வந்தா அடுத்த ஸ்லாப்பும் உனக்குத்தான். அங்கயும் எழுதித் தாறேன். வெடிச்சுதோ, பாயச் சுருட்டு."

இப்படியே ஸ்லாப் ஸ்லாப்பாகப் போனால் கொழும்பில் காலத்தைத் தள்ளலாம் என்று நான் கணக்குப் போட்டேன். ஊரில் போய்ச் செய்ய ஒன்றும் இல்லை.

வியாழன் காலை எங்கள் சின்னத் தெருவை, அந்த ஒழுங்கையை, சுற்றி வளைத்தார்கள். ஆமிக்காரர்களும் பொலிஸும். நான் மூன்றாம் பாத்திக்கு வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். காகிதத்தைக் காட்டினேன். பார்த்தான். சரி, பஸ்ஸில் ஏறு என்றான் ஒரு ஆமிக்காரன். காகிதம் இல்லாதவனும் ஏறினான், இருந்தவனும் ஏறினான். பஸ் நிரம்ப வேண்டும், அவ்வளவுதான்.

ரீச்சர் கேற்றுக்கு ஓடி வந்தார். "அவர் என்ர வாச்சர். பதிஞ்சிருக்கு. நான் கையெழுத்து வைச்சனான்." சிங்களத்திலும் சொன்னார், இங்கிலிஷிலும் சொன்னார். விசாரித்துவிட்டு விடுவோம் மெடம் என்றார்கள்.

நான் பஸ் ஜன்னலால் சொன்னேன். "அம்மா, பாத்தியில தண்ணி வத்த விட்டுறாதீங்க."

பக்கத்தில் நின்ற ஆமிக்காரன், என்ன சொன்னாய் என்று கேட்டான். சிங்களத்தில் சொன்னேன். அவன் அண்ணாந்து வீட்டு மாடியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

இரண்டு இரவு உள்ளே. ஒரு அறையில் முப்பது பேர் இருக்கும். பக்கத்தில் ஒரு வவுனியாக்காரர், மூக்குக்கண்ணாடி. எல்லாரும் தங்கள் தங்கள் காரணத்தைச் சொன்னார்கள். ஒருவர் பாஸ்போட் எடுக்க வந்தவர். ஒருவர் கண் காட்ட வந்தவர். என்னைக் கேட்டார்கள். சொன்னேன். அந்த அறையில் முதல்முறை சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அப்ப இப்ப ஆர் ஊத்துறது?" என்றார் வவுனியாக்காரர்.

"வீட்டம்மா."

"பாவம் மனிசி. கொங்கிறீட் அழுதால் என்ன செய்யும்?"

அவர்கள் சிரித்தார்கள். நான் பாத்தியை எண்ணினேன். நல்ல வெயிலுக்கு ஒரு நாளில் விரல் தடிப்புக்குத் தண்ணீர் வற்றும். இரண்டு அங்குலம் நிற்கிறது. ரீச்சர் ஒரு வாளியும் ஊற்றாவிட்டாலும் சனி வரை தாங்கும். வரம்பு உடையாவிட்டால். காகம் சாக்கைக் கிளறாவிட்டால். அடி விழுமோ என்ற பயம் எல்லாருக்கும் போல எனக்கும் இருந்தது. அதற்கு அடுத்த பயம் ஸ்லாப்புக்கு.

சனி பின்னேரம் அந்த நரைத்த சார்ஜன் கடமைக்கு வந்தார். வரிசையில் என்னைக் கண்டார்.

"தண்ணீர்க்காரன் இங்கே என்ன செய்கிறான்?"

யாருக்கும் தெரியவில்லை. ரீச்சருக்குப் போன் போனது. அவர் குடையோடு வந்து இன்னொரு கையெழுத்துப் போட்டு என்னை வெளியே எடுத்தார்.

வெளியே வந்ததும் கடையில் தேத்தண்ணியும் இனிப்புப் பணிசும் வாங்கித் தந்தார். எனக்கு அதுவே யோசனையாகப் போய்விட்டது. ரீச்சர் வாங்கித் தருகிற ஆள் இல்லை.

"தம்பி, அடிச்சவங்களோ?"

"இல்லீங்கம்மா."

"நல்லது. தண்ணி எல்லாம் ஊத்தினனான். காலமை, பின்னேரம்." கொஞ்சம் நடந்தார். "மேல ஒரு சின்ன விசயம். நீ பெரிசா எடுக்காத."

மேலே ஏறிப் பார்த்தேன். ஐந்து பாத்தியில் தண்ணீர் பளபளத்தது. சொன்னபடி ஊற்றியிருக்கிறார். ஆறாவது பாத்தி, கடல் பக்கம், வெயில் முழுக்க விழுகிற பாத்தி. அதில் தண்ணீர் இல்லை. தண்ணீரை இறைத்து, துடைத்து, பழைய சேலை ஒன்றை விரித்து, அதன்மேல் மோர் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பம் ஒரு வருஷம் சாப்பிடலாம்.

நான் நின்றேன்.

"நான் என்ன செய்யிறது?" என்றார் ரீச்சர் பின்னால். "முத்தம் முழுக்க உங்கட மணலும் கல்லும். ஒரு சுளகு வைக்க இடமில்லை. திங்கக்கிழமை முன்வீட்டுப் பிள்ளை கனடாவுக்குப் போகுது. மகனுக்குக் குடுத்து விடவேணும். மிளகாயை மோரில போட்டாச்சு. வெயில் காட்டாட்டி அழுகிப் போடும். இவ்வளவு வெயில், இவ்வளவு சமதரை, இது சும்மா தண்ணிக்குள்ள கிடக்குது."

"எப்ப இருந்துங்க?"

"நீ போன அண்டைக்குத்தான். ஒரு மூலைதானே. காய்ஞ்சாத்தானே இறுகும்."

சேலையின் ஒரு ஓரத்தைத் தூக்கினேன். கீழே ஸ்லாப் வெளுத்திருந்தது, தொட்டால் சுட்டது. தலைமயிர் விழுந்து கிடக்கிறது என்று நினைத்துக் கையால் தட்டினேன். போகவில்லை. குனிந்து பார்த்தேன். மயிர் மாதிரி வெடிப்பு. ஒன்றல்ல. வற்றிய குளத்துச் சேறு மாதிரி அந்தப் பாத்தி முழுக்கப் பின்னிக் கிடந்தது. வரம்புக்கு அந்தப் பக்கம், தண்ணீர் நின்ற பாத்தியில், ஒன்றும் இல்லை. வரம்போடு நின்றுவிட்டது.

ரீச்சரும் குனிந்து பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"பாஸிட்டச் சொல்லாத தம்பி. அவர் கத்துவார்."

"சரிங்கம்மா."

மிளகாயைக் கீழே இறக்கினோம். வெயில் தணிந்து தரை ஆறும் மட்டும் இருந்துவிட்டு, ஆறாம் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றினேன்.

ஞாயிறு காலை பாஸ் வந்தார். ஏறினதும் ஒரு சுற்று நடந்தார். ஐந்து பாத்திக்கும் தலையை ஆட்டினார். ஆறாவதில் நின்றார். தண்ணீருக்குள் வெடிப்புத் தெரியாது என்று நான் நினைத்திருந்தேன். அவர் வரம்பை ஒரு இடத்தில் காலால் உடைத்துத் தண்ணீரை விட்டார். சாக்கால் துடைத்தார். பீடி பற்றவைத்துக்கொண்டு காத்திருந்தார். மேல்பரப்பு மெல்லக் காய்ந்து வெளுத்தது. வெடிப்புகளுக்குள் ஈரம் நின்றது. கறுப்புக் கறுப்பாகக் கோடுகள் எழும்பி வந்தன. படம் கழுவிய மாதிரி.

"எத்தனை நாள் காயவிட்ட?"

நான் சாக்கை எடுத்துப் பிழிந்தேன்.

"உன்னைத்தான். அஞ்சு பாத்தி நல்லா இருக்கு. ஆறாவது மட்டும் காய்ஞ்சிருக்கு. கடைசிப் பாத்திக்கு வாளி தூக்கக் கை நோவுதா தொரைக்கு?"

என்ன சொல்ல. நான் இங்கே இல்லை என்றால், எங்கே என்று கேட்பார். பொலிஸில் என்றால், பிடிபட்டவன் வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். இங்கேதான் இருந்தேன் என்றால், தண்ணீர் ஊற்றாத வாச்சர். எதைச் சொன்னாலும் பாய்தான். போதாததற்கு ரீச்சருக்கு வாக்கும் கொடுத்தாயிற்று. வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கம். அதையே செய்தேன்.

"பேச மாட்ட. சரி. பாயச் சுருட்டு. பொலிஸ்ல நானே சொல்லிடுறேன், இந்த ஆளு வேலை முடிஞ்சு போய்ட்டான்னு."

சட்டைப்பையில் காகிதம் இருந்தது. இன்னும் ஒரு கிழமை மட்டில் மிச்சம். அதை எடுத்துப் பார்க்கவில்லை. பாய் படி முடிகிற மூலையில் கிடந்தது. சுருட்டத் தொடங்கினேன்.

அந்த நேரம் ரீச்சர் தேத்தண்ணியோடு படியேறி வந்தார். பாயைப் பார்த்தார். பாஸைப் பார்த்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கூட வேலை செய்யும் ஆள் மாதிரி ஒன்றாகச் சும்மா நின்றோம்.

பாஸ் வெடிப்பின் ஆழம் பார்க்க முழங்காலில் இருந்து, முகத்தைத் தரையோடு வைத்தார். வைத்தவர் தலையைத் தூக்கினார். திரும்பவும் வைத்து மோந்து பார்த்தார்.

"என்னடா இது புளிச்ச வாடை?"

நான் பாயைச் சுருட்டினேன்.

"கள்ளு. டேய், கள்ளு குடிச்சிட்டு ஸ்லாப் மேல வாந்தி எடுத்திருக்க. அதான் ஊத்தல. ரெண்டு நாள் மப்புல கிடந்திருக்க. வீட்டுக்கார அம்மா படிச்சவங்க, மரியாதையான வீடு, இதுல வந்து."

"கள்ளில்லை" என்றார் ரீச்சர்.

பாஸ் திரும்பினார்.

"மோர்."

"என்னது?"

"மோர் மிளகாய். நான்தான் காயப்போட்டனான். வியாழன், வெள்ளி, சனி. தண்ணியை நான்தான் இறைச்சனான். இப்ப என்ன, என்னையும் பாயைச் சுருட்டச் சொல்லப் போறியளோ?"

பாஸ் முழங்காலிலேயே இருந்தார். கைக்குக் கீழே காய்ந்த மோர்ப் புள்ளி ஒன்றில் மிளகாய் விதை ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கிளப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். நாற்பது வருஷம் மேசன் வேலை. ஸ்லாப்பில் எல்லாம் பார்த்திருப்பார். இது புதிது என்று முகம் சொன்னது.

"அம்மா," என்றார் கடைசியில். சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "மிளகாய் காய்ஞ்சா நல்லாகும். கொங்கிறீட் காய்ஞ்சா நல்லாகாது. அது காய்ஞ்சு இறுகுறது இல்ல. சீமெந்து தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத்தான் இறுகும். குடிக்கத் தண்ணி இல்லன்னா பாதியில நிண்டுரும். மேல வெயில்ல காய்ஞ்சு சுருங்கும். அடிப்பக்கம் ஈரம், அது சுருங்காது. மேல இழுக்க, அடியில பிடிக்க, நடுவுல கிழியும். அதுவும் நாலு நாள் கொங்கிறீட், பச்சைப் புள்ள, இழுவையத் தாங்குற பலம் அதுக்கு இல்ல."

"இதை நீங்கள் முதலே சொல்லியிருக்க வேணும்."

"தண்ணி ஊத்தணும்னு சொன்னேன்ல."

"ஊத்த வேணும் எண்டு சொன்னீங்கள். காயப்போடக் கூடாது எண்டு சொல்லேல்லை."

பாஸ் வானத்தைப் பார்த்தார். உதவி எதுவும் வரவில்லை.

"சரி, இவன் எங்க போனான்? மிளகாய்க்குக் காவல் இருந்தானா?"

ரீச்சர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பொலிஸில" என்றார். "வியாழன் விடியப் பிடிச்சவங்கள். நேற்று நான் போய் எடுத்தனான். ஒரு பிழையும் இல்லாத பிள்ளை. பஸ்ஸில ஏத்தேக்கையும் பாத்தியில தண்ணி வத்த விடாதேங்கோ எண்டுதான் கத்தினவன். நான்தான் கேக்கேல்லை."

பாஸ் தேத்தண்ணியை எடுத்தார். ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார்.

"உள்ள போயும் தண்ணி ஊத்துனியாடா?"

"இல்லீங்க. அங்க பைப்பே இல்ல."

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. மூக்கால் ஒரு சத்தம் வந்தது.

"பாய விரி" என்றார். "இண்டைக்கு முதலாம் நாள். திரும்ப எண்ணு. பதினாலு."

"மற்ற அஞ்சு பாத்தியும் நல்லா இருக்குங்களே."

"இருக்கட்டும். தண்ணி குடிச்சு எந்த ஸ்லாப்பும் சாகல. அந்த மூலைக்கு ஊத்துற கை மத்ததுக்கும் ஊத்தட்டும். வெடிச்சது ஒட்டாது. ஆனா பாதியில நிண்டது கொஞ்சம் கொஞ்சமா இறுகும். பிறகு சீமெந்தத் தண்ணியாக் கரைச்சுப் பால் மாதிரி ஊத்தித் தேச்சு விடுறேன்."

முதல் நாளில் தெருவில் சொன்ன நிபந்தனையைப் பற்றி அவர் அதன் பிறகு பேசவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

பதினான்கு நாளை முதலிலிருந்து எண்ணினால் காகிதம் பத்தாது. திங்கள் காலை ரீச்சரும் நானும் மறுபடி சார்ஜனிடம் போனோம். நீடிக்க வேண்டும் என்றார் ரீச்சர்.

"ஏன்? கொங்கிறீட் தாகம் தீரவில்லையா?"

ரீச்சர் சிங்களத்தில் நடந்ததைச் சொன்னார். ஒளிக்கவில்லை. மிளகாய் வந்த இடத்தில் சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மோர் மிளகாய் என்றால், பொரித்தால் கறுப்பாகுமே, சோற்றோடு?"

"அதுதான்."

"யாழ்ப்பாணத்தில் வேலை செய்தபோது சாப்பிட்டேன். எத்தனையோ வருஷம் ஆகிறது." சார்ஜன் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை.

ரீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். பையில் இருந்தது கனடாவுக்குக் கட்டிய பொட்டலம். திரும்பி வரும்போது முன்வீட்டுப் பிள்ளையிடம் கொடுக்கக் கொண்டு வந்தது. அதை மேசையில் வைத்துப் பிரித்தார். பாதியை ஒரு பழைய பத்திரிகையில் கொட்டி மடித்தார். மகனுக்கு மற்றப் பாதி.

சார்ஜன் எழுதினார். காரணம், கொங்கிறீட்டுக்கு மீண்டும் தண்ணீர் ஊற்ற. பதினான்கு கேட்டோம். இருபத்தொன்று போட்டார்.

அந்த இருபத்தொரு நாளும் ஊற்றினேன் என்றால் பொய். பதினான்கு ஊற்றினேன். மிச்சத்துக்கு, ஸ்லாப்பை அடியில் தாங்கி நின்ற பலகை கழற்ற நின்றேன். பலகை கழற்றின அன்று எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். ஐந்து பாத்தி இருந்த பக்கத்து முகட்டில் ஒரு கோடு இல்லை. முன் அறைக்கு மேலே, கடல் பக்கம், வெடிப்புகளில் பெரும்பாலானவை அடிவரை வரவில்லை. ஒன்று மட்டும் வந்திருந்தது. மெல்லிய கோடு. பாஸ் சீமெந்துப் பால் ஊற்றித் தேய்த்தார். அடுத்த மழைக்கு அந்தக் கோடு வியர்த்தது. ஒரு சொட்டு. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு சொட்டு. ரீச்சர் கீழே ஒரு பித்தளைச் செம்பு வைத்தார்.

நான் கொட்டாஞ்சேனை ஸ்லாப்புக்குப் போக இரண்டு நாள் இருந்தது. பாஸ் அந்த வீட்டுக்காரரைக் கொண்டு எழுதி வாங்கிவிட்டார். புதுக் காகிதம் சட்டைப்பையில். காரணம் அதேதான். கொழும்பில் தண்ணீர் ஊற்றும் தமிழன் ஒருவன் இருக்கிறான் என்று பொலிஸுக்கே பழகிவிட்டது.

அன்று மழை. யாழ்ப்பாணத்திலிருந்து ரீச்சரின் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார். பெரிய மனிதர். மேலெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு முன் அறையில் உட்கார்ந்தார். செம்பில் சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார்.

"என்ன அக்கா, புது வீடு, வெடிச்சிருக்கு?"

நான் வாசலில் வாளியோடு நின்றேன். ரீச்சர் என்னை ஒருதரம் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"குண்டு வெடிச்சதில வந்தது தம்பி. கிட்டத்தான் வெடிச்சது. முழு வீடும் ஆடினது."

"ஐயோ. அப்பிடியே?"

"இங்க நிண்டவன், இவனைக் கேளுங்கோ."

பெரிய மனிதர் என் பக்கம் திரும்பினார். செம்பில் இன்னொரு சொட்டு விழுந்தது.

"ஆமாங்க," என்றேன். "பெரிய சத்தம்."